மூட்டைக்கு ஒரு ரூபாய்

விருதுநகரில் 1889இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. பெயர் சத்திரிய வித்தியாசாலை. அரசாங்கம் கட்டிக் கொடுத்ததும் இல்லை, பெருந்தனக்காரர் ஒருவர் எழுதி வைத்ததும் இல்லை. ஊர் வியாபாரிகளின் மகமையிலும், வீட்டுப் பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியிலும் நடந்த பள்ளி அது. பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சராகி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட காமராஜர் சிறுவனாக அங்கேதான் படித்தார்.

இன்றைக்கு ஊருக்கு ஊர் சின்னச் சின்ன அறக்கட்டளைகள் இருக்கின்றன. மாலைப் படிப்பகம் நடத்துகிறார்கள், முதியோருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள், சிறப்புக் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். பணத்துக்கு இவர்கள் பிடிக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒரு கலைநிகழ்ச்சி, அதற்கு ஒரு மலர், மலரில் கடைக்காரர்களின் விளம்பரம். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் போக மிஞ்சுவது மூன்று மாதச் சம்பளத்துக்குக்கூடப் போதாது. பள்ளிக்கூடத்தில் சட்டையில் குத்திக்கொண்ட கொடிநாள் கொடி பலருக்கும் நினைவிருக்கும். 1949 முதல் டிசம்பர் 7ஆம் தேதி வரும் நாள் அது. அதற்குப் பின்னால் அரசு நிர்வாகமே இருக்கிறது, அதனால் வருஷத்துக்கு ஒரு நாள் வசூல் கட்டுப்படியாகும். ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளைக்குக் கட்டுப்படியாகாது. வாடகையும் சம்பளமும் மாதம் தவறாமல் வருகிற செலவு. வரவும் அப்படி வர வேண்டும். அந்த வித்தையைத்தான் மகமை வைத்தவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

மகமை எப்படி நடந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வியாபாரிகள் பேட்டைகள் கட்டினார்கள். மாட்டு வண்டியில் சரக்கு கொண்டு வருகிறவர்கள் திருட்டுப் பயம் இல்லாமல் வண்டியை அவிழ்த்துப் போட்டுத் தங்க, சுற்றுச் சுவர் எழுப்பிய இடம்தான் பேட்டை. அதைக் கட்டவும் பராமரிக்கவும் வியாபாரிகள் தங்கள் சரக்குக்கு ஏற்ப ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அந்தப் பொதுப்பணத்தை உறவின்முறை நிர்வகித்தது. கோயில், கிணறு, பிறகு பள்ளிக்கூடம் என்று அதிலிருந்து செலவு நடந்தது. நகரத்தார் உள்ளிட்ட மற்ற வணிகச் சமூகங்களிலும் மகமை உண்டு. கடைக் கணக்கிலேயே சாமி பெயரில் ஒரு பற்று வைத்து, மற்ற பாக்கிகளைப் போல அதையும் தீர்ப்பது அவர்களின் வழக்கம்.

கவனிக்க வேண்டியது, அந்தத் தொகை எதன் மேல் விழுந்தது என்பதை. ‘உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்’ என்று யாரும் கேட்கவில்லை. வண்டிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்பது பேச்சு. வியாபாரம் நடந்தால் மகமை தானாகச் சேரும். வியாபாரம் படுத்தால் அதுவும் குறையும், கொடுக்கிறவருக்குச் சங்கடம் இல்லை. ஒவ்வொரு முறையும் ‘எவ்வளவு கொடுக்கலாம்’ என்று யோசிக்கிற வேலையும் மிச்சம்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம். மகமை இஷ்டப்பட்டவர் கொடுக்கிற தர்மமாக இருக்கவில்லை. உறவின்முறைக்குக் கட்டுப்பட்டவர் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவரைக் கேட்க ஊர்க்கூட்டம் இருந்தது. ஒரே சாதிக்குள் நடந்த ஏற்பாடு என்பதால்தான் அந்தப் பிடிமானம். இன்றைய அறக்கட்டளையிடம் அந்தப் பிடி கிடையாது, இருக்கவும் கூடாது. அது எடுத்துக்கொள்ளக்கூடியது மூட்டைக் கணக்கை மட்டும்தான்.

அதை இன்றைய கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். கணக்குக்காக ஒரு சிறு நகரம், அதில் ஒரு மாலைப் படிப்பகம் என்று வைத்துக்கொள்வோம். 60 பிள்ளைகள். இரண்டு ஆசிரியர்களுக்கு ஆளுக்கு 6,000 ரூபாய். வாடகையும் மின்சாரமும் 1,500. சாயங்காலம் பசியோடு வருகிற பிள்ளைகளுக்குச் சுண்டல், 4,500. ஆக மாதம் 18,000 ரூபாய்.

கடைத்தெருவில் முதலில் போக வேண்டிய இடம் அரிசிக் கடை. 25 கிலோ சிப்பத்துக்கு ஒரு ரூபாய் என்று கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு 40 சிப்பம் விற்கிற கடை என்றால், மாதம் 26 நாளில் 1,040 ரூபாய். சிப்பம் ஆயிரத்தைத் தாண்டி விற்கிற காலத்தில் ஒரு ரூபாய் கடைக்காரரை உறுத்தாது. ‘மாசம் ஆயிரம் ரூபா குடுங்க அண்ணாச்சி’ என்று அதே ஆளிடம் கேட்டிருந்தால், நூறு ரூபாயை நீட்டி அனுப்பியிருப்பார். டீக்கடையில் பால் லிட்டருக்கு ஒரு ரூபாய் என்று பேசலாம். 25 லிட்டர் ஓடுகிற கடையில் 30 நாளுக்கு 750 ரூபாய் ஆகிறது. ஜெராக்ஸ் கடையில் தாள் கட்டுக்கு இரண்டு ரூபாய். நாளுக்கு மூன்று கட்டு ஓடினாலும் 26 நாளில் 156தான் வரும். வரட்டும். அந்தக் கடைக்கு அதுதான் நியாயம்.

எந்தக் கடைக்கு எதை அலகாக வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கடைக்காரர் ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கிற ஒன்றாக அது இருக்க வேண்டும். எத்தனை சிப்பம் வந்தது, எத்தனை லிட்டர் பால் வாங்கினோம் என்பது அவர் விரல்நுனியில் இருக்கும். எத்தனை டீ விற்றது என்று கேட்டால் தெரியாது. லாபத்தில் ஒரு சதவீதம் என்று கேட்பது அதைவிட மோசம். லாபத்தை எந்த வியாபாரியும் வெளியாருக்குச் சொல்ல மாட்டார். சொன்ன கணக்கை நோண்டவும் கூடாது. 40 சிப்பம் விற்கிறவர் 25 என்று சொன்னால் 25தான். அடுத்த மாதமும் அவர் கொடுக்க வேண்டுமே.

வாடிக்கையாளரின் பில்லில் இரண்டு ரூபாய் கூட்டி வாங்கித் தரும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். பில்லில் ஏறுகிற எதுவும் ஜிஎஸ்டி கணக்கில் கேள்வியாகும், வாடிக்கையாளரும் முகம் சுளிப்பார். கடைக்காரர் தன் பணத்திலிருந்து கொடுப்பதே சுத்தமான வழி.

அப்படியானால் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கிற உண்டியல்? பத்து வருஷத்துக்கு முன்னால் அது நல்ல யோசனை. மீதிச் சில்லறை அதில் விழுந்தது. இன்றைக்குப் பத்து ரூபாய் கடலை மிட்டாய்க்கும் போனை நீட்டுகிறார்கள், சில்லறையே கைமாறுவதில்லை. உண்டியல் வைத்தே தீருவோம் என்கிறவர்கள் இரண்டு விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். வாய் ஒட்டி முத்திரை வைத்து எண் எழுதிய பெட்டியாக இருக்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து கடைக்காரர் முன்னாலேயே திறந்து எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொன்று வரி. யார் கொடுத்தார்கள் என்ற பெயர் இல்லாத நன்கொடைகள், மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி உண்டு. சின்ன அறக்கட்டளையின் உண்டியல் வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தொடுவது அபூர்வம். ஆனாலும் வரம்பு எங்கே இருக்கிறது என்பது பொருளாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரிச்சலுகை தருகிறோம் என்று சொல்லிக் கடைக்காரர்களை இழுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அந்தச் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அறவே இல்லை. டீக்கடைக்காரர் அதற்காகக் கொடுக்கப் போவதும் இல்லை. அவருக்கு வேண்டியது ரசீது. ரசீதைவிடவும், தான் கொடுத்தது எங்கே போனது என்பது கண்ணில் பட வேண்டும்.

இதனால்தான் வசூலுக்கு ஒரு தேதியும் ஒரு நடையும் தேவை. மாதம் 5ஆம் தேதி, மதியம் இரண்டு மணிக்கு மேல். கடைத்தெரு அசந்திருக்கும் நேரம் அது. காலையில் போனால் ‘அப்புறம் வாங்க தம்பி’தான் கிடைக்கும். போகிறவர் எப்போதும் அதே இரண்டு பேராக இருக்க வேண்டும். கையில் எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், போன மாத வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதிய தாள். அந்தத் தாளில் எல்லாக் கடைகளின் பெயரும் தொகையும் இருக்கலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும். சில தெருக்களில் பக்கத்துக் கடைக்காரர் பெயரைப் பார்த்துத்தான் இவர் கொடுப்பார். சில இடங்களில், ‘அவனே அவ்வளவுதான் குடுத்திருக்கான்’ என்று கை சுருங்கிவிடும். கடைப் பெயர்களை மட்டும் போட்டுத் தொகையை விட்டுவிடுவது பாதுகாப்பு.

பணம் போனில் வந்தால், கியூஆர் அட்டை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். சின்ன அமைப்புகள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கணக்குத் திறக்கத் தாமதமாகிறது என்று செயலாளரின் சொந்த எண்ணில் வாங்கத் தொடங்குவார்கள். நல்ல எண்ணத்தில்தான் தொடங்குவார்கள். ஆறு மாதத்தில் வீட்டுச் செலவும் அறக்கட்டளை வரவும் ஒரே பட்டியலில் கலந்து, எது எது என்று அவருக்கே பிரிக்கத் தெரியாமல் போகும். அப்போது யாராவது ஒருவர் கேள்வி கேட்டால் போதும், வசூல் நின்றுவிடும். யூபிஐ ஆட்டோபே வைத்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் வசதியும் இருக்கிறது. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்காது, எடுப்பதற்கு ஒரு நாள் முன்பாகத் தகவல் வரும். வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களுக்கு அது பொருந்தும். கடைத்தெருவுக்குப் பொருந்தாது. நேரில் போய் நின்று இரண்டு வார்த்தை பேசுவதில்தான் அந்த உறவு நிற்கிறது. தானாகப் போகிற பணத்தை முதல் நெருக்கடியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

40 கடைகளைக் கேட்டால் 26 ஒத்துக்கொள்வதாகவும், சராசரி 350 ரூபாய் என்றும் வைப்போம். 9,100 ரூபாய். 18,000க்குப் பாதிதான். மீதிக்குப் பள்ளிகளும் வீடுகளும்.

பள்ளி என்றதும் பிள்ளைகளிடம் காசு கேட்கத் தோன்றும். அது தப்பு. பிள்ளைகளில் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது வகுப்பறையில் உடனே தெரிந்துவிடும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது அவமானம். அரசுப் பள்ளியாக இருந்தால், கல்வி அலுவலரின் எழுத்து மூலமான அனுமதியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் சம்மதமும் இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது. பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது வீட்டில் கிடக்கும் பழைய பேப்பர். அது பணக்கார வீட்டிலும் இருக்கும், கூலிக்காரர் வீட்டிலும் போன வருஷத்து நோட்டு வடிவில் இருக்கும்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ‘பேப்பர் நாள்’. ஒரு பிள்ளை சராசரியாக ஒரு கிலோ கொண்டுவந்தால், இரண்டு பள்ளிகளில் தலா 300 பிள்ளைகள் என்றால் 600 கிலோ. விலை ஏறி இறங்கும், கிலோ 12 ரூபாய் என்று போட்டால் 7,200. ஆனால் வருஷம் முழுக்க இது நடக்காது. கோடை விடுமுறையும் தேர்வுக் காலமும் போக ஒன்பது மாதம்தான். ஆக 64,800, மாதத்துக்குப் பிரித்தால் 5,400.

தாளில் போடும்போது சுலபமாக இருக்கிற இந்தக் கணக்கு தராசில் கவிழும். பழைய பேப்பர் கடைக்காரர் தன் தராசைக் கொண்டுவந்தால் 600 கிலோ 520 ஆகக்கூடும். அரிசிக் கடை மகமைக்கு ஒத்துக்கொண்டவர்தானே, அவரிடம் எடைமேடையை அரை நாள் கேட்டு வாங்கிப் பள்ளியிலேயே எடை போட்டுவிட வேண்டும். பேப்பர், நோட்டு, அட்டை மூன்றையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கலந்து கொடுத்தால் எல்லாவற்றுக்கும் அட்டை விலைதான் போடுவார்கள். அன்றைக்கே சரக்கு போய்விட வேண்டும் என்பதும் முக்கியம். பள்ளி வராந்தாவில் இரண்டு நாள் கிடந்து ஒரு மழை பெய்தால் விலையும் போச்சு, தலைமையாசிரியரின் நல்லெண்ணமும் போச்சு. ஐப்பசியில் தேதி குறிக்கும்போது வானத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பரிசுக் குலுக்கல் சீட்டு அடித்துப் பிள்ளைகள் மூலம் விற்கும் யோசனை எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் வாயிலிருந்து வரும். ‘சீட்டு பத்து ரூபாய், முதல் பரிசு மிக்ஸி.’ தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003 முதல் தடை. பரிசுத் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் அதற்கு முன்பே, 1979இல் வந்தது. தர்ம காரியத்துக்கு என்று சொல்லிப் பள்ளிப் பிள்ளைகள் கையில் அந்தச் சீட்டைக் கொடுப்பது, தலைமையாசிரியரை மாட்டிவிடுவதில் போய் முடியும்.

இனி வீடுகள். கடையும் பள்ளியும் சேர்ந்து 14,500 ஆகிவிட்டது. சுண்டல் செலவு 4,500ஐப் பணமாகத் தேட வேண்டியதில்லை, அதைப் பயறாகவே வாங்கிவிடலாம். பிடி அரிசியின் வழி இதுதான். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். வாரம் ஒருமுறை ஆள் வந்து வாங்கிப் போவார். வீட்டில் யாருக்கும் குறைந்தது தெரியாது. காஞ்சிப் பெரியவரும் பின்னாளில் இதே வழியை, ஒரு பிடி அரிசியோடு ஒரு காசும் சேர்த்து வைக்கச் சொல்லிப் பரப்பினார்.

ஒரு பிள்ளைக்கு 30 கிராம் உலர்ந்த பயறு போதும், ஊறி வெந்தால் ஒரு கைப்பிடிச் சுண்டலாகிவிடும். 60 பிள்ளைகளுக்கு நாளுக்கு 1.8 கிலோ. மாதம் 24 நாளுக்குச் சுமார் 43 கிலோ. ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு டம்ளர், ஏறக்குறைய 200 கிராம் என்றால், மாதம் 800 கிராம். 55 வீடுகள் இருந்தால் 44 கிலோ சேர்ந்துவிடும். பேப்பர் கொண்டுவரும் பிள்ளைகளின் வீடுகளே இதற்குப் போதும்.

பிடி அரிசியில் ஒரு பழைய தொல்லை உண்டு. ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், இன்னொரு வீட்டில் ரேஷன் அரிசி. ஒன்றாகக் கொட்டினால் ஒன்று குழையும், ஒன்று விதையாக நிற்கும். பயறிலும் அதே கதைதான். பச்சைப்பயறு சீக்கிரம் வேகும், கறுப்புக் கொண்டைக்கடலை இராத்திரி முழுக்க ஊற வேண்டும். அதனால் தெருவுக்கு ஒரு பயறு என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தெரு பச்சைப்பயறு, அடுத்த தெரு கடலை. வாங்கியதை ஒருநாள் வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு மூடி வைத்தால் வண்டு அண்டாது.

இப்போது மொத்தக் கணக்கைப் பார்க்கலாம். சுண்டல் பயறாக வந்துவிட்டதால் ரொக்கமாகத் தேவை 13,500. வரவு 14,500. மிச்சம் ஆயிரம் ரூபாய் கேஸுக்கும் எண்ணெய்க்கும் போய்விடும். இழுத்துப் பிடித்தால் சரியாக இருக்கிறது.

சரியாக இருப்பதுதான் ஆபத்து. 26 கடையும் 26ஆகவே இருக்காது. ஒன்று கைமாறும், ஒன்று மூடும், ஒருவர் மகள் கல்யாணச் செலவில் இரண்டு மாதம் தள்ளிப் போடுவார். 20 கடைகள் நின்றால் வரவு 7,000, மொத்தம் 12,400. மாதம் 1,100 இடிக்கும், கேஸும் எண்ணெயும் தனி. இதற்கு அடையாளம் முன்பே தெரியும். ஒரு கடையில் இரண்டு மாதம் தொடர்ந்து ‘அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்’ என்றால் அந்தக் கடை போய்விட்டது என்று குறித்துக்கொண்டு, அதே மாதம் புதுக் கடை ஒன்றைத் தேட வேண்டும். சேர்ந்த பாக்கியை ஒருபோதும் கேட்கக்கூடாது. பாக்கி என்ற சொல் வந்ததும் தர்மம் கடனாகிவிடும், கடன்காரரைக் கண்டால் யாரும் ஒளிந்துகொள்ளத்தான் செய்வார்கள்.

இரண்டாவது ஆசிரியரை முதல் மாதமே வேலைக்கு வைக்காமல் இருப்பது நல்லது. ஒருவரோடு தொடங்கி, மிச்சமாகும் 6,000ஐ மாதாமாதம் ஒதுக்கினால், ஆறு மாதத்தில் 36,000 கையில் நிற்கும். அது கிட்டத்தட்ட மூன்று மாத ரொக்கச் செலவு. அதன் பிறகு இரண்டாமவரைக் கூப்பிடலாம். தீபாவளிக்கு முந்தைய மாதம் அரிசிக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் வரவு ஏறும். அந்த உபரியை விழாவுக்குச் செலவழிக்க ஆசை வரும். மே மாதம் பேப்பர் நாள் கிடையாது, பள்ளி மூடியிருக்கும். ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு.